எந்தச் செய்தியை நிறுத்தித் திருத்துவது?

பேரணாம்பட்டில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் அலுவலகக் கைபேசியைக் காலை முதல் மாலை வரை பார்த்தால், அதில் போய் வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "லாரி கிளம்பிடுச்சு." "நாளைக்கு கரண்ட் இருக்காது, டிரம் ஓடாது." "ரேட் ஓகே பாய், அனுப்புங்க." "போன லாட்ல கலர் விடுதுன்னு கட்டிங்ல சொல்றாங்க." "அமவுண்ட் அடுத்த வாரம் போட்டுடறேன்." எல்லாம் ஒரே வாட்ஸ்அப் பெட்டியில், ஒரே அவசரத்தில், பாதி தமிழும் பாதி ஆங்கிலமும் இடையிடையே உருதுவுமாக வரும். பார்வைக்கு ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. ஆனால் முதல் இரண்டும் நாளை மறந்துபோகும். மற்ற மூன்றும் ஒரு வருடம் கழித்து, வக்கீல் ஒருவரின் மேசையில் அச்செடுத்து வைக்கப்படலாம்.

தோல் தொழிலில் எழுத்து வேலை எப்போதுமே பின்தங்கியே வந்திருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு எங்கும் வியாபாரம் வாய்ச்சொல்லிலும் நெடுநாள் பழக்கத்திலும் நடந்தது. இன்று அந்த வாய்ச்சொல் கைபேசியில் எழுத்தாகப் பதிகிறது. பேசுகிறவர் பேசுவதாகத்தான் நினைக்கிறார். சட்டமோ அவர் எழுதிக் கொடுத்ததாக எடுத்துக்கொள்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு இரண்டு தவறான தீர்வுகள் பழக்கத்தில் உள்ளன. ஒன்று, எதையும் கவனிக்காமல் விடுவது. மற்றொன்று, ஏதோ ஒரு தகராறில் மாட்டிய பிறகு, "இனிமேல் எல்லாமே மெயிலில்தான், எல்லாமே முறையான மொழியில்தான்" என்று உத்தரவு போடுவது. இந்த இரண்டாவது தீர்வு ஒரு மாதம்கூடத் தாங்காது. லாரி கிளம்பியதைச் சொல்ல "மதிப்பிற்குரிய ஐயா" என்று யாரும் எழுத மாட்டார்கள். உத்தரவுக்குப் பயந்து எல்லோரும் தொலைபேசிக்குப் போவார்கள். எழுதியாக வேண்டிய புகாரும் அதோடு சேர்ந்து எழுத்திலிருந்து மறைந்துவிடும். எனவே எல்லாச் செய்திக்கும் சம கவனம் வேண்டாம். சிலவற்றை அப்படியே விடலாம். குறை, பணம், ஒப்பந்தம் ஆகிய மூன்றில் எதையாவது தொடுகிறவற்றை மட்டும் நிறுத்தி, இன்னொருவர் கண்ணில் காட்டி, திருத்தி அனுப்ப வேண்டும்.

ஏன் அந்த மூன்று மட்டும்? அவற்றில்தான் ஒரு வாக்கியம் ஒப்புக்கொள்ளுதலாகவோ, வாக்குறுதியாகவோ, மறுப்பாகவோ மாறுகிறது. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பொதுவாக ஒப்பந்தம் காகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. ஒருவர் முன்மொழிந்து மற்றவர் மாற்றமின்றி ஏற்றால் போதும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது. 2010 இல் டிரைமெக்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நடைமுறையில் காட்டியது. 2007 அக்டோபரில் பாக்சைட் தாது வாங்குவது பற்றி இரு தரப்பும் மின்னஞ்சலில் பேசிக்கொண்டன. முன்மொழிவு வந்த மறுநாளே 'உறுதி செய்கிறோம்' என்று பதில் போனது. முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை. ஆனாலும் அந்த மின்னஞ்சல்களிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றது நீதிமன்றம்.

கனடாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2021 இல் சஸ்காட்செவன் மாகாணத்தில் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படம்பிடித்து விவசாயிக்கு அனுப்பி, உறுதி செய்யச் சொன்னது. அவர் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். விதை வரவில்லை, விலை அதற்குள் ஏறிவிட்டது. பார்த்துவிட்டேன் என்பதற்காகத்தான் அந்தப் படம், ஏற்றுக்கொண்டதற்கு அல்ல என்பது அவர் வாதம். 2023 இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 82,000 டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. நம் ஊருக்கு முக்கியமானது அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணம். அந்த விவசாயி முந்தைய ஒப்பந்தங்களுக்கும் "ஓகே" போன்ற ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பி, சரக்கையும் கொடுத்துவந்தவர். ஆகவே இம்முறையும் அப்படித்தான் பொருள் கொள்ள வேண்டியிருந்தது. அது வெளிநாட்டுத் தீர்ப்பு, நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் "ஓகே பாய்" என்ற பதிலிலேயே பத்து வருடம் சரக்கு கொடுத்து வாங்கும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது.

இப்போது தரம் பிரிப்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். எண்கள் கணக்குப் புரிவதற்காக வைத்தவை. நிகழ்வு இந்தப் பகுதியில் யாருக்கும் புதிதல்ல. பேரணாம்பட்டில் சிறு நிறுவனமாகப் பதிவு செய்த தொழிற்சாலை ஒன்று, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஆட்டுத்தோல் லைனிங் 8,000 சதுர அடி அனுப்புகிறது. சதுர அடி 60 ரூபாய், மொத்தம் 4,80,000. சரக்கு ஜூன் 3 அன்று போய்ச் சேர்கிறது. ஜூன் 12 அன்று கட்டிங் பிரிவிலிருந்து சூப்பர்வைசர் அனுப்புகிறார்:

"பாய், உங்க லைனிங் எல்லாம் கலர் விடுது. இப்படி அனுப்பினா எப்படி? பேமென்ட் அப்புறம் பேசிக்கலாம்."

பத்து நிமிடத்தில் பதில் போகிறது:

"சாரி சார், டையிங்ல மிஸ்டேக் ஆயிடுச்சு. பாத்து பண்ணிடறோம். நீங்க வச்சு ஓட்டுங்க."

இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள். பேச்சாக இருந்திருந்தால் இதில் தவறே இல்லை. எழுத்தாகப் படித்தால் இரண்டு செய்தியும் எழுதியவருக்கே எதிராகத் திரும்பும்.

முதலில் வாங்குபவர் பக்கம். "எல்லாம்" என்று எழுதியிருக்கிறார். எத்தனை தோலைப் பார்த்தார் என்பது இல்லை. எந்த இன்வாய்ஸ், எந்த லாட் என்பதும் இல்லை. சரக்கை ஏற்கவில்லை என்கிறாரா, ஏற்றுக்கொண்டு விலையைக் குறைக்கச் சொல்கிறாரா என்பதும் தெரியவில்லை. இந்தத் தெளிவின்மைக்கு விலை உண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 இன்படி, குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவரிடம் வாங்கினால், எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தவணை எப்படியிருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் தவணையே இல்லையென்றால் 15 நாள்தான்.

ஏற்ற நாள் எது என்பதில்தான் நம் செய்தி உள்ளே வருகிறது. சரக்கு வந்து சேர்ந்த நாளே ஏற்ற நாள். ஆனால் வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால், விற்றவர் அந்த ஆட்சேபத்தைத் தீர்த்த நாள்தான் ஏற்ற நாள். 45 நாள் தவணை பேசியிருந்தால், ஜூன் 3 இலிருந்து எண்ணும்போது கெடு ஜூலை 18. ஜூன் 12 அன்று முறையான ஆட்சேபம் எழுதி, அது ஜூன் 20 அன்று தீர்ந்திருந்தால் கெடு ஆகஸ்ட் 4. இடையே பதினேழு நாள் இருக்கிறது. கெடு தவறினால் வட்டி சாதாரண வட்டி அல்ல. ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று கொண்டால் ஆண்டுக்கு 18 சதவீதம். "இப்படி அனுப்பினா எப்படி?" என்பது ஆட்சேபமா, வெறும் ஆதங்கமா என்று பின்னால் வாதாட வேண்டியிருக்கும். அதையே குரல் பதிவாக அனுப்பியிருந்தால் "எழுத்தில்" என்ற சொல்லுக்குள் அதைக் கொண்டுவர இன்னும் ஒரு வாதம் தேவைப்படும்.

இனி விற்றவர் பக்கம். "டையிங்ல மிஸ்டேக்" என்று எழுதிய நிமிடத்தில் காரணம் அவருக்கே தெரியாது. ஈரத்தில் நிறம் இறங்குவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. சாயம் போட்டு முடித்ததும் ஃபார்மிக் அமிலம் சேர்த்து நிலைநிறுத்துவது போதாமல் போயிருக்கலாம். டிரம்மில் கடைசிக் கழுவல் குறைந்து, ஒட்டாத சாயம் தோலிலேயே தங்கியிருக்கலாம். சரக்கு போன இடத்தில் ஈரம் பட்டிருக்கலாம். மாதிரியை எடுத்துத் தேய்த்துப் பார்க்கும் முன்பே, 8,000 சதுர அடிக்கும் குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். "பண்ணிடறோம்" என்பதற்கு எல்லையும் இல்லை. மாற்றித் தருவதா, விலையைக் கழிப்பதா, மறுபடி டிரம்மில் போட்டுத் தருவதா, தைத்து முடித்த ஷூவின் நட்டத்தையும் சேர்த்து ஏற்பதா? ஷூவின் மதிப்போடு ஒப்பிட்டால் லைனிங்கின் விலை சிறியது.

எல்லாவற்றிலும் மோசமானது "வச்சு ஓட்டுங்க". சரக்கு விற்பனைச் சட்டம், 1930 இன்படி, விற்றவரின் உரிமைக்குப் பொருந்தாத செயலை வாங்கியவர் சரக்கின்மேல் செய்தால் அதை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். தோலை அச்சு வைத்து வெட்டுவது அப்படிப்பட்ட செயல். வெட்டிய துண்டைத் திருப்பித் தர முடியாது. இழப்பீடு கேட்கலாம், அவ்வளவே. ஆகவே வெட்டுவதைத் தொடரச் சொன்னது யார் என்பதே பின்னால் பெரிய கேள்வியாகும். இங்கே விற்றவரே சொல்லியிருக்கிறார், அதுவும் குறை இருப்பதை ஒப்புக்கொண்ட அதே மூச்சில்.

இந்த இரண்டு செய்தியையும் அனுப்பும் முன் நிறுத்தியிருந்தால் எப்படி வந்திருக்கும்? ஷூ கம்பெனியின் செய்தி இப்படி:

"ஜூன் 3 அன்று வந்த லைனிங், உங்கள் இன்வாய்ஸ் எண் இது, மொத்தம் 8,000 சதுர அடி. இதில் 1,500 சதுர அடி வெட்டியிருக்கிறோம். அதில் சுமார் 400 சதுர அடியில் ஈரத் துணியால் தேய்த்தால் நிறம் இறங்குகிறது. வெட்டாத 6,500 சதுர அடியில் பத்துத் தோலைத் தேய்த்துப் பார்த்தோம். மூன்றில் இதே குறை. இன்று மதியம் வெட்டுவதை நிறுத்திவிட்டோம். மீதியைத் தனியே அடுக்கி வைத்திருக்கிறோம். இந்தக் குறை தீரும் வரை இந்த லாட்டை ஏற்றதாகக் கொள்ள வேண்டாம். வியாழக்கிழமைக்குள் ஆள் அனுப்பிப் பார்க்கவும்."

இதில் ஒரு சட்டச் சொல்லும் இல்லை. கோபமும் இல்லை. ஆனால் எது, எவ்வளவு, எப்படித் தெரிந்தது, இப்போது சரக்கு எந்த நிலையில் இருக்கிறது, என்ன கேட்கிறோம் என்ற ஐந்தும் இருக்கின்றன. "எல்லாம்" என்ற சொல் போய் அந்த இடத்தில் அளவு வந்துவிட்டது. புகாரைத் திருத்துவதில் பாதி வேலை இதுதான்.

தொழிற்சாலையின் பதில்:

"உங்கள் செய்தி கிடைத்தது சார். சிரமத்துக்கு வருந்துகிறோம். வெட்டுவதை நிறுத்தி வைத்தது நல்லது. நாங்கள் பார்க்கும் வரை அப்படியே இருக்கட்டும். எங்கள் ஃபினிஷிங் மாஸ்டர் புதன் காலை 11 மணிக்கு வருவார். இதே லாட்டில் நாங்கள் எடுத்து வைத்த மாதிரியையும் கொண்டுவருவார். இரண்டு தரப்பும் சேர்ந்து தேய்த்துப் பார்த்து, குறை உள்ள அளவை அன்றே எழுதிக்கொள்வோம். காரணம் தெரிந்த பிறகு மாற்றுவதா, கழிப்பதா என்று எழுத்தில் சொல்கிறோம்."

"வருந்துகிறோம்" இருக்கிறது, "எங்கள் தப்பு" இல்லை. இது தப்பை மறைப்பதா என்று கேட்கலாம். அல்ல. இன்னும் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாமல் இருப்பதுதான் இது. புதன்கிழமை பார்த்து, அமிலம் குறைந்ததுதான் காரணம் என்று தெரிந்துவிட்டால், அதை அப்படியே எழுத வேண்டும்: இந்த டிரம்மில், இத்தனை சதுர அடியில், இந்தக் காரணத்தால் குறை, இத்தனை அடியை இந்தத் தேதிக்குள் மாற்றித் தருகிறோம். தெரிந்த குறையை மழுப்பி எழுதுவதற்குத் திருத்தம் என்று பெயர் வைக்கக் கூடாது. அது பொய். வழக்கில் அது வெளிவரும்போது ஒப்புக்கொண்டதைவிட அதிகமாக அடிக்கும்.

பணம் பற்றிய செய்திகள் புகாரைவிடச் சிறியவை, ஆனால் வேறு விதத்தில் ஆபத்தானவை. "அமவுண்ட் அடுத்த வாரம் போட்டுடறேன்" என்பதில் தொகை இல்லை. 4,80,000 இல் ஒரு பகுதியைப் பற்றித் தகராறு இருக்கும்போது இப்படி எழுதினால் முழுத் தொகையையும் ஒப்புக்கொண்டதாகப் படிக்க இடம் உண்டு. காலவரம்புச் சட்டத்தின் 18 ஆம் பிரிவின்படி, வழக்குப் போடும் காலவரம்பு முடிவதற்குள் கடனை எழுத்தில் கையெழுத்தோடு ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து மூன்றாண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும். கைபேசிச் செய்தியை அப்படிப்பட்ட ஒப்புதலாகக் காட்டி வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எனவே பணச் செய்தியில் எந்த இன்வாய்ஸ், எவ்வளவு, எந்தத் தேதி, எது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, ஏன் என்பது வர வேண்டும். "4,80,000 இல் தகராறு இல்லாத 4,20,000 ஐ ஜூலை 10 அன்று அனுப்புகிறோம்; மீதி 60,000 குறை உள்ள 1,000 சதுர அடிக்காக நிறுத்தி வைத்தது" என்று எழுதினால் இரு தரப்புக்கும் கணக்கு ஒன்றாகவே இருக்கும்.

பணத்தில் ஒரு வகைச் செய்தியை மட்டும் எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று வருவது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நடக்கும் மின்னஞ்சலுக்குள் யாராவது நுழைந்து, அதே பெயரில், அதே நடையில் இப்படி எழுதுவது உலகெங்கும் நடக்கும் மோசடி. 2023 இல் மட்டும் இந்த வகையில் 290 கோடி டாலர் போனதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பதிவு செய்தது. இப்படி ஒன்று வந்தால் பதில் எழுதவே வேண்டாம். பழைய எண்ணில், ஏற்கெனவே தெரிந்த குரலை அழைத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஒப்பந்தச் செய்திகளில் கவனிக்க வேண்டியது, அவை ஒப்பந்தம் என்ற முகத்தோடு வருவதில்லை என்பது. "1.0 மில்லிமீட்டருக்கு பதில் 0.9 வந்தா பரவாயில்லையா?" "பத்து நாள் தள்ளிப் போகும் போல." "ஓகே, ஆனா ரெண்டு ரூபா கம்மி பண்ணுங்க." மூன்றும் பேசி முடித்ததை மாற்றுகின்றன. கடைசியது ஏற்பே அல்ல. சட்டப்படி அது புதிய முன்மொழிவு. ஆனால் கேட்பவர் "ஓகே" வரை மட்டும் படித்துச் சரக்கை ஏற்றிவிடுவார். ஏற்றுமதியில் இன்னொரு பொறி. சரக்கு அனுப்பும் தேதியைத் தள்ளிக்கொள்ள வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் சம்மதித்தாலும், கடன் உறுதிக் கடிதத்தில் அச்சிட்ட கடைசித் தேதி மாறாது. அதை மாற்ற, கடிதம் கொடுத்த வங்கியும் சம்மதிக்க வேண்டும். திருத்தம் வங்கி வழியாக வராமல் சரக்கு கப்பலேறினால், ஆவணங்கள் பொருந்தவில்லை என்று வங்கி பணத்தை மறுக்கலாம். இதனால்தான் செய்தியின் தலைப்பை மட்டும் பார்த்துப் பிரிக்க முடிவதில்லை. "லாரி கிளம்பிடுச்சு" என்பதுகூட, கடைசித் தேதியன்று இரவு எட்டு மணிக்குப் போனால், ஒப்பந்தச் செய்திதான்.

அப்படியானால் அலுவலகத்தில் இருக்கும் பையனோ பெண்ணோ எப்படிப் பிரிப்பது? ஒவ்வொரு செய்தியிலும் மூன்றைத் தேடினால் போதும். சரக்கிலோ வேலையிலோ குறை என்று யாராவது சொல்கிறார்களா? ரூபாயோ, விலையோ, கணக்கு எண்ணோ, பணம் தரும் தேதியோ இருக்கிறதா? அளவு, கனம், நிறம், தரம், தேதி எதையாவது மாற்றுகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அனுப்பிவிடலாம். ஒன்றுக்கு ஆம் என்றால் நிறுத்த வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் நிறுத்த வேண்டும். ஒரே செய்தியில் லாரி எண்ணும் புகாரும் கலந்து வந்தால் இரண்டாகப் பிரித்து, லாரியை உடனே விட்டு, புகாரை மட்டும் பிடித்து வைக்கலாம்.

நிறுத்துவது என்றால் மௌனமாக இருப்பது அல்ல. புகார் சொன்னவருக்கு மணிக்கணக்கில் பதில் வராவிட்டால் அவர் கோபம் இரட்டிக்கும். "செய்தி கிடைத்தது சார், பார்த்துவிட்டு நாளை பதினோரு மணிக்குள் எழுதுகிறோம்" என்று உடனே அனுப்பலாம். அதில் எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பிறகு திருத்துகிறவர், புகாரால் கோபப்பட்டவராகவோ டிரம் பக்கத்தில் நின்றவராகவோ இருக்கக் கூடாது. தன் வேலையைத் தானே காக்கும் மனம் எழுத்தில் வந்துவிடும். உருதுவில் பேசி முடித்ததைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதும்போது, பேசியவரிடமே ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு அனுப்ப வேண்டும். "பாத்துக்கலாம்" என்று பேச்சில் சொன்னது ஆங்கிலக் கடிதத்தில் பொறுப்பேற்பாக மாறிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

கடைசியாக, திருத்துவது என்பதைப் பற்றி ஒரு தவறான எண்ணம். ஏற்கெனவே போய்விட்ட செய்தியை அழித்துவிட்டு, நல்லதாக ஒன்றைப் போடுவது திருத்தம் அல்ல. மறுபக்கத்தில் அது ஏற்கெனவே படம்பிடிக்கப்பட்டிருக்கும். அழித்த தடயமே சந்தேகத்தைக் கிளப்பும். பழையதை அப்படியே விட்டு, அதன் கீழே, "நேற்று மாலை அனுப்பியதில் லாட் முழுவதையும் குறித்தது சரியல்ல, விவரம் இது" என்று தேதியோடு புதிதாக எழுத வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63 ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கும்போது சான்றிதழ் கேட்கிறது. கைபேசி மாறும்போது உரையாடல்களைக் காப்புப் பிரதி எடுத்து வைப்பதும், அலுவலகச் செய்திகளை ஊழியரின் சொந்த எண்ணில் அல்லாமல் அலுவலக எண்ணில் நடத்துவதும் இதற்காகத்தான். வேலையை விட்டுப் போகும் சூப்பர்வைசரின் கைபேசியோடு மூன்று வருடப் புகார் வரலாறும் போய்விடுவதைத் தடுக்க வேறு வழியில்லை. தொகை பெரிதாக இருந்தால், வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு அல்ல, முதல் பதில் போகும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.